‘பிரச்சினை’ என்ற சொல்லை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன எழுதுவது? கோபத்தில் இருக்கும் வாடிக்கையாளருக்கான பதில்கள்

“உங்கள் பிரச்சினைக்கு வருந்துகிறோம்.” ஆன்லைனில் சேலை விற்கும் சிறு கடையிலிருந்து பெரிய சர்வீஸ் சென்டர் வரை, வாடிக்கையாளருக்குப் போகும் பதில்கள் பல இப்படித்தான் தொடங்குகின்றன. எழுதுபவர் பணிவாகத்தான் எழுதுகிறார். ஆனால் பணத்தைக் கட்டிவிட்டுப் பொருள் வராமல் உட்கார்ந்திருப்பவர் அதில் முதலில் பார்ப்பது ‘உங்கள்’ என்ற சொல்லைத்தான். தவறு கடையில் நடந்திருக்க, பிரச்சினை மட்டும் தன் பெயரில் எழுதப்பட்டிருக்கிறதே என்று அவருக்குச் சுருக்கென்று படும்.

தமிழில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. பேருந்தில் இருவர் முறைத்துக்கொண்டால் வரும் முதல் கேள்வி “உனக்கு என்ன பிரச்சினை?” என்பதுதான். வீண் சண்டைக்கு வருபவரைப் பார்த்து “பிரச்சினை பண்ணாதீங்க” என்கிறோம். ஏதோ ஒன்று சரியாக நடக்கவில்லை என்பதற்கும் ஒருவர் தகராறு செய்கிறார் என்பதற்கும் ஒரே சொல்தான். அமைதியாக இருப்பவர் முதல் பொருளில் எடுத்துக்கொள்வார். கோபத்தில் இருப்பவருக்கு இரண்டாவது பொருள்தான் காதில் விழும். “என்ன பிரச்சினை மேடம்?” என்று கேட்டவுடனே சில அழைப்புகளில் குரல் ஏறுவதற்குக் காரணம் இதுதான்.

இதைவிடப் பெரிய குறை, அந்தச் சொல் எதையுமே சொல்வதில்லை என்பது. சேலை கிழிந்து வந்தாலும் பிரச்சினை, பார்சல் நான்கு நாள் தாமதமானாலும் பிரச்சினை, பணம் இருமுறை பிடித்தாலும் பிரச்சினை. வாடிக்கையாளர் நான்கு வரியில் விவரமாக எழுதியிருக்க, பதிலில் அது ஒற்றைச் சொல்லாகச் சுருங்கி வந்தால், தான் எழுதியதை யாரும் படிக்கவே இல்லை என்றுதான் அவர் நினைப்பார். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும்.

அதனால் ‘பிரச்சினை’யை எடுத்துவிட்டு ‘சிக்கல்’ என்றோ ‘இஷ்யூ’ என்றோ போட்டால் காரியம் ஆகாது. ‘டெக்னிக்கல் இஷ்யூ’ இன்னும் மோசம். காரணம் சொல்ல விருப்பமில்லாதவர்கள் சொல்வது அது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்த இடத்தில் வர வேண்டியது நடந்தது என்னவோ அதன் பெயர்.

நடந்ததற்குப் பெயர் வைப்பது

நல்ல வேளையாக, தமிழில் இதற்குச் சொற்கள் நிறையவே இருக்கின்றன. எது எங்கே பொருந்தும், எது எங்கே இடிக்கும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

இயந்திரம் ஓடவில்லை என்றால் ‘கோளாறு’ அல்லது ‘பழுது’. “மோட்டாரில் கோளாறு” என்றால் யாருக்கும் மனம் நோகாது, பொருளும் தெளிவு. ஆனால் கோளாறு என்ற சொல் இயந்திரத்தோடு நிற்க வேண்டும். “உங்களுக்கு இருக்கும் கோளாறு” என்று வாக்கியம் சற்றே வழுக்கினால் நோயைச் சொல்வதுபோல் ஆகிவிடும். ‘தகராறு’ என்ற சொல்லை மெக்கானிக்குகள் தங்களுக்குள் பழுது என்ற பொருளில் பேசிக்கொள்வார்கள். வாடிக்கையாளருக்கு எழுதும் பதிலில் அது சண்டையைத்தான் நினைவூட்டும்.

நாள் தள்ளிப்போனால் ‘தாமதம்’. இந்தச் சொல்லோடு நாள் கணக்கும் வர வேண்டும். “தாமதத்திற்கு வருந்துகிறோம்” என்பது வெற்று வரி. “செவ்வாய் வர வேண்டியது வெள்ளியாகியும் வரவில்லை” என்று எழுதினால், எத்தனை நாள் என்று நாமும் எண்ணிப் பார்த்தோம் என்பது அவருக்குத் தெரியும்.

நாம் செய்தது தவறு என்று உறுதியானால் ‘தவறு’ என்றே எழுதலாம். இங்கே சொல்லைவிட வினைமுற்று முக்கியம். “தவறு நடந்துவிட்டது”, “சைஸ் மாறிவிட்டது” என்றெல்லாம் எழுதும்போது செய்தவர் வாக்கியத்திலிருந்தே மறைந்துபோகிறார், ஏதோ தானாக நடந்ததுபோல். “38-க்குப் பதில் 40 சைஸை அனுப்பிவிட்டோம்” என்பதில் அந்த ‘-ஓம்’ விகுதி பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. அதற்கு மேல் நீளமான மன்னிப்பு தேவைப்படாது. ஆனால் சரிபார்ப்பதற்கு முன்பே “எங்கள் தவறுதான்” என்று எழுதிவிடக் கூடாது. பிறகு தவறு கூரியரிலோ வங்கியிலோ என்று தெரியவந்தால், சொன்ன சொல்லை மாற்ற வேண்டிவரும். மாற்றிய பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள். சரிபார்க்கும்வரை, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள்: “பார்சல் சேலத்திலிருந்து கிளம்பியதாகவே இதுவரை பதிவு இல்லை.”

‘குறை’ என்ற சொல்லில் மிகவும் கவனம் தேவை. கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளால் அது நமக்குப் பழகிய சொல்தான், அலுவலக நடையில் மரியாதையானதும்கூட. கடையின் பதிலில் “உங்கள் குறை” என்று வந்தால், அவரிடம் உள்ள குறை என்றும் படிக்கலாம். “நீங்கள் சொன்ன குறை” என்றால் அவர் குறை சொல்லித் திரிபவர்போல் ஆகிவிடுகிறது. பொருளோடு சேர்த்தால் இந்த ஆபத்து இல்லை: “துணியில் உள்ள நெசவுக் குறை.” ‘புகார்’ என்ற சொல்லும் இப்படித்தான். உள்ளே பதிவேட்டில் அது இருக்கட்டும். அவருக்கு எழுதும்போது “நீங்கள் தெரிவித்தது”, “நேற்று நீங்கள் அனுப்பிய படம்” என்று எழுதலாம். டிக்கெட் எண் கொடுக்கும்போதும் ‘புகார் எண்’ என்பதைவிட ‘பதிவு எண்’ இதமானது.

‘சிரமம்’ அவர் பட்ட பாட்டைக் குறிக்கும் சொல். சொல் நல்லதுதான். ஆனால் “சிரமத்திற்கு வருந்துகிறோம்” என்பதைச் சாலை தோண்டும் இடத்துப் பலகையில் படித்துப் படித்து நம் கண் அதைத் தாண்டிப் போகப் பழகிவிட்டது. சிரமம் என்ன என்பதையே எழுதிவிட்டால் ‘சிரமம்’ என்ற சொல்லே வேண்டியதில்லை. “வேலைக்கு லீவு போட்டுவிட்டு டெக்னீஷியனுக்காகக் காத்திருந்தீர்கள், அவரும் வரவில்லை” என்று எழுதிப் பாருங்கள். படிப்பவர் அதற்குமேல் தன் நிலையை விளக்க வேண்டியதில்லை. கோபத்தில் பாதி, மீண்டும் மீண்டும் விளக்க வேண்டியிருப்பதால் வருவதுதான்.

ஒரு பதிலைப் பிரித்துப் பார்ப்போம்

ஆன்லைனில் பருத்திச் சேலை விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். 3-ஆம் தேதி மாலை ஒரு வாடிக்கையாளர் ₹2,450-ஐ யூபிஐ வழியாகக் கட்டுகிறார். வங்கிக் கணக்கில் பணம் கழிந்துவிட்டது. ஆனால் கடையின் தளத்தில் ஆர்டர் பதிவாகவில்லை. 5-ஆம் தேதி காலை வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்:

“காசு போயிடுச்சு, ஆர்டர் எதுவும் காட்டல. ரெண்டு நாளா கேக்குறேன், ஒருத்தரும் பதில் சொல்லல. ஏமாத்துறீங்களா?”

வழக்கமாகப் போகும் பதில் இது:

“வணக்கம் மேடம். உங்கள் பிரச்சினைக்கு வருந்துகிறோம். உங்கள் பேமெண்ட் பிரச்சினையை எங்கள் டீம் பார்த்துக்கொண்டிருக்கிறது. பிரச்சினை சரியானதும் தெரிவிக்கிறோம்.”

நான்கு வரியில் மூன்று ‘பிரச்சினை’. ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்து “எது?” என்று கேட்டுப் பாருங்கள். முதலாவது எது? பணம் போனதா, பதில் வராததா? இரண்டாவதில் ‘பேமெண்ட் பிரச்சினை’ என்றால் பணம் கடைக்கு வந்ததா, வரவில்லையா? மூன்றாவது ‘சரியானதும்’ என்றால் பணம் திரும்ப வருமா, சேலை வருமா? பதில் எழுதியவருக்கே இவை தெரியாது. தெரியாததை மூடிவைக்க அந்தச் சொல் வசதியாக இருக்கிறது. எங்கெல்லாம் ‘பிரச்சினை’ என்று கை போகிறதோ அங்கெல்லாம் பெரும்பாலும் இன்னும் பார்க்காத ஒரு விவரம் இருக்கிறது என்று அர்த்தம்.

எனவே எழுதுவதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. ‘பேமெண்ட் பிரச்சினை’ என்ற பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு நிலைமைகள் இருக்கின்றன. ஒன்று, பணம் வாடிக்கையாளரின் வங்கியில் கழிந்தது, ஆனால் கடைக்கு வந்து சேரவில்லை. மற்றொன்று, பணம் கடையின் கணக்குக்கு வந்துவிட்டது, தளம்தான் ஆர்டரைப் பதியவில்லை. எது என்று கண்டுபிடிக்க, வாடிக்கையாளரின் பேமெண்ட் ஆப்பில் அந்தப் பரிவர்த்தனைக்குக் கீழே இருக்கும் 12 இலக்க எண் வேண்டும். சில ஆப்களில் அது UTR என்ற பெயரில் இருக்கும். அதைக் கடையின் வரவுப் பட்டியலில் தேட வேண்டும். சில நிமிட வேலைதான்.

பட்டியலில் அந்த எண் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பணம் வங்கிகளுக்கு இடையில் நிற்கிறது. இந்த நிலைமைக்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதி வகுத்திருக்கிறது. கடைக்கு உறுதிப்படுத்தல் வராத யூபிஐ பரிவர்த்தனையில், கழிந்த பணம் பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாட்களுக்குள் தானாகவே திரும்ப வேண்டும். அதைத் தாண்டினால் நாள் ஒன்றுக்கு ₹100 இழப்பீடு வாடிக்கையாளருக்குச் சேர வேண்டும். 3-ஆம் தேதி கட்டியதால் 8-ஆம் தேதி கெடு. இப்போது பதிலில் எழுத நமக்குச் செய்தி இருக்கிறது:

“வணக்கம் மேடம். 3-ஆம் தேதி ₹2,450 கட்டியிருக்கிறீர்கள், கணக்கில் கழிந்தும்விட்டது, ஆர்டர் வரவில்லை. இரண்டு நாளாக நீங்கள் கேட்டும் நாங்கள் பதில் சொல்லவில்லை, மன்னியுங்கள். இன்று காலை எங்கள் வரவுப் பட்டியலில் உங்கள் 12 இலக்க எண்ணைத் தேடினோம். பணம் எங்களுக்கு வந்து சேரவில்லை. இப்படி நின்றுபோகும் பணம் ரிசர்வ் வங்கி விதிப்படி 8-ஆம் தேதிக்குள் உங்கள் கணக்குக்கே திரும்ப வேண்டும். அதுவரை அந்தச் சேலையை உங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறோம். 8-ஆம் தேதி மாலை நாங்களே உங்களுக்கு எழுதுகிறோம். அன்றும் வரவில்லை என்றால் வங்கியில் எப்படிக் கேட்பது என்பதையும் சொல்கிறோம்.”

‘பிரச்சினை’ ஒரு இடத்திலும் இல்லை, அதற்குப் பதிலாக எந்த மென்மையான சொல்லும் இல்லை. முதல் வரி அவர் சொன்னதையே தேதியோடும் தொகையோடும் திருப்பிச் சொல்கிறது. இரண்டாவது, நாம் உறுதியாக அறிந்த ஒரே தவறை, பதில் சொல்லாமல் இருந்ததை, ‘நாங்கள்’ என்று ஏற்றுக்கொள்கிறது. பணம் போனதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை, ஏனென்றால் அது கடையிடம் இல்லை. “ஏமாத்துறீங்களா?” என்ற கேள்விக்கும் தனியாக மறுப்பு எழுதவில்லை. “நாங்கள் ஏமாற்றுபவர்கள் அல்ல” என்று எழுதினால் பேச்சு அந்தத் திசைக்கே போய்விடும். எங்கே தேடினோம், என்ன தெரிந்தது என்பதுதான் அதற்குப் பதில்.

பட்டியலில் அந்த எண் இருந்திருந்தால் பதில் தலைகீழாகியிருக்கும்: “உங்கள் ₹2,450 எங்கள் கணக்குக்கு வந்துவிட்டது. ஆர்டரைப் பதியாமல் விட்டது எங்கள் தளத்தின் தவறு. இப்போது கையால் பதிந்திருக்கிறோம், சேலை நாளை கிளம்பும்.” இந்த நிலையில் இருப்பவரிடம் வங்கியைக் கேளுங்கள் என்று சொன்னால் அதைவிட அநியாயம் இல்லை. ஒரே சொல்லால் இரண்டையும் அழைக்கும் கடைகளில் அதுதான் நடக்கிறது.

ஆயத்தப் பதில்களை வைத்துக்கொண்டு வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சேமித்து வைத்திருக்கும் பதில்களில் ‘பிரச்சினை’, ‘பிரச்சனை’, ‘ப்ராப்ளம்’, ‘இஷ்யூ’ என்று நான்கு எழுத்துக்கோவைகளையும் தேடுங்கள். கிடைக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கோடு போட்டு விடுங்கள், எழுதுபவர் அதில் நடந்ததை நிரப்ப வேண்டும் என்று. சில நேரம் கோட்டை நிரப்பாமலே அனுப்பிவிடுவார்கள், அது பழைய வாக்கியத்தைவிட அவமானமாக இருக்கும். ஆகவே கோடு வாக்கியத்தின் நடுவில் ஒளிந்திருக்காமல் முதல் வரியில் இருக்கட்டும். அப்போது கண்ணில் படாமல் போகாது.

போனில்

பேச்சில் இது எழுத்தைவிட எளிது. “என்ன ப்ராப்ளம் மேடம்?” என்பதற்குப் பதில் “சொல்லுங்க மேடம், என்ன ஆச்சு?” என்று கேட்டால் போதும். ‘என்ன ஆச்சு’ என்பதில் அக்கறை தானாகவே இருக்கிறது. விழுந்த குழந்தையிடம் நாம் கேட்பதும் அதைத்தான். இயந்திரம் பற்றிய அழைப்பென்றால் “மெஷின் என்ன பண்ணுது?” என்று கேளுங்கள். டாக்டர் “உடம்புக்கு என்ன பண்ணுது?” என்று கேட்பதுபோல. இந்தக் கேள்விக்கு யாரும் “ப்ராப்ளம்” என்று பதில் சொல்ல முடியாது. “தண்ணி உள்ள வருது, ஆனா சுத்த மாட்டேங்குது” என்று சொல்வார்கள். டெக்னீஷியன் எந்தப் பாகத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதற்கு அந்த ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கிறது.

இன்னொன்று, அவர் “பரவாயில்லை, லேட்டா கூப்பிட்டதுக்கு சாரி” என்று சொன்னால் “நோ ப்ராப்ளம்” என்று வாயில் வந்துவிடும். கோபம் தணிந்துகொண்டிருக்கும் நேரத்தில் அந்தச் சொல்லைத் திரும்பக் கொண்டுவர வேண்டாம். “இருக்கட்டும் மேடம்” போதும்.

எங்கே மென்மையாகச் சொல்லக் கூடாது

வாடிக்கையாளரே “இது எனக்குப் பெரிய பிரச்சினை” என்று எழுதியிருந்தால், அதைத் ‘தடங்கல்’ என்றோ ‘சின்ன விஷயம்’ என்றோ சுருக்காதீர்கள். நாளை மறுநாள் கல்யாணம், கட்ட வேண்டிய சேலை வரவில்லை என்றால் அவருக்கு அது பெரியதுதான். அவருடைய சொல்லையே எடுத்துக்கொண்டு, “ஆமாம், கல்யாணத்துக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது” என்று காரணத்தைச் சேர்த்துவிடலாம். அதேபோல மூன்றாவது முறை பழுதான ஃபிரிட்ஜைப் பற்றி எழுதும்போது ‘கோளாறு’ என்று மட்டும் எழுதினால், முந்தைய இரண்டு முறையும் நாம் மறந்துவிட்டதுபோல் இருக்கும். “மூன்றாவது முறையாக” என்பதை நாமே எழுதிவிட வேண்டும், அவர் நினைவூட்டும்வரை காத்திருக்கக் கூடாது.

உயிருக்கு ஆபத்து இருக்கும் இடத்தில் அமைதியான சொற்களைத் தேடவே கூடாது. மிக்ஸியைத் தொட்டால் கரண்ட் அடிக்கிறது என்று ஒருவர் எழுதினால், அதை ‘சிறு மின்கோளாறு’ என்பது ஆளை ஏமாற்றுவது. அவர் அதை மறுபடி போட்டுப் பார்க்கக்கூடும். அங்கே பதிலின் முதல் வரியில் வருத்தமும் வேண்டாம், வணக்கமும் வேண்டாம்:

“மிக்ஸியைத் தொடாதீர்கள், இது ஆபத்து. கை ஈரமில்லாமல், முதலில் சுவரில் இருக்கும் ஸ்விட்சை அணையுங்கள். பிறகு ப்ளக்கை எடுத்துவிடுங்கள். எங்கள் ஆள் வந்து பார்க்கும்வரை யாரும் அதைப் போட்டுப் பார்க்க வேண்டாம். உங்கள் முகவரியை அனுப்புங்கள், எத்தனை மணிக்கு வருவார் என்று இப்போதே கேட்டுச் சொல்கிறோம்.”